சாவிப் படம் பார்த்தேன்

டேய்,

உள்ளங்கையில புது வீட்டுச் சாவிக்கொத்தை வெச்சு நீ அனுப்பின படத்தை நேத்து ராத்திரி பார்த்தேன். கூட ஒரு வார்த்தைகூட எழுதலை நீ. எழுதவே வேண்டாம்டா. கை ஆடினதுல படமே கொஞ்சம் கலங்கிப் போயிருக்கு, எனக்கு அது போதும். வாழ்த்துகள்டா! மனசு நிறைஞ்சு சொல்றேன்.

இன்னிக்குக் காலையில அங்கிருந்து பேசினியே, உன் குரல் கணீர்னு எதிரொலிச்சதைக் கவனிச்சியா? சாமான் வராத வீட்டுல மட்டும் கேக்கிற சத்தம் அது. சனிக்கிழமை பீரோவும் மெத்தையும் துணிமூட்டையும் உள்ள வந்துட்டா அவ்வளவுதான், சுவரெல்லாம் வாயை மூடிக்கும். அதுக்குள்ள பாப்பாவைக் கூடத்து நடுவுல நிக்க வெச்சு ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, போன்ல பதிவு பண்ணிடு. நான் கேக்கணும்.

அம்மா உள்ள வந்ததுமே அந்த ஜன்னல் திண்டுல உக்காந்தவங்க சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கலைன்னு சொன்னே பாரு, அதை நினைச்சு நினைச்சு சிரிச்சுக்கிட்டிருக்கேன். நீ ரூம் ரூமா அளந்துக்கிட்டு இருந்திருப்பே, அவங்க பேசாம தன் இடத்தைப் பிடிச்சுட்டாங்க! அவங்க நாற்காலியை அங்கேயே போட்டுடு. சோபாவை எங்க போடறதுங்கற பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் செஞ்சுடு. தண்ணிக்கு மெயின் வால்வு எங்க, கரண்டுக்கு மெயின் ஸ்விட்ச் எதுன்னு வீட்டுல எல்லாருக்கும் முதல் நாளே காட்டிடு. ராத்திரியில குழாய் பிச்சுக்கிட்டா டார்ச் அடிச்சுத் தேட முடியாது. மத்த ஸ்விட்ச்செல்லாம் தானா பழகிடும். ஒரு வாரத்துக்கு ஃபேன் போடப் போய் வாசல் விளக்கைப் போட்டுக்கிட்டிருப்பே. போடு, நல்லாத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு நான் அங்க இருப்பேன். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கொண்டாரேன், கட்டில் பூட்டற வேலை என்னோடது. புத்தகப் பெட்டிகளை நீ தொடாதே. போன தடவை தூக்கிட்டு மூணு நாள் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது மறந்துபோச்சா? பெட்டிமேல எந்த ரூமுக்குன்னு மட்டும் பெருசா எழுதி வை.

வீட்டைச் சுத்திக் காட்டற வேலையும் உனக்கு இல்லை. பாப்பா காலையிலயே போன்ல சொல்லிட்டா, அவதான் காட்டுவாளாம், அப்பா கூட வரக்கூடாதாம். மாடிப்படிக்குக் கீழ ஏதோ ரகசிய இடம் இருக்காம், அது உனக்கே தெரியாதாம். நானும் சொல்ல மாட்டேன்.

பழையபடி ரெண்டு தடவை பெல் அடிப்பேன். யாருன்னு கேக்காம கதவைத் திற.