சட்ட உதவி மையத்தில் உள்ளகப் பயிற்சி கோரி விண்ணப்பம்

திருநெல்வேலி,
24.11.2025

அனுப்புநர்
மு. இசக்கியம்மாள்,
முதுகலை இறுதியாண்டு,
குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதித் துறை,
மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்,
அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு,
திருநெல்வேலி.

பொருள்: சட்ட உதவி மையத்தில் ஆறு வாரப் பயிற்சி கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். வரும் ஜனவரி 5 முதல் பிப்ரவரி 13 வரை தங்கள் சட்ட உதவி மையத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன். குறிப்பாக, பிணை கிடைத்தும் வெளியே வர முடியாத விசாரணைக் கைதிகள் தொடர்பான வேலையில் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் சட்ட மாணவி இல்லை. மனு வரையவோ நீதிமன்றத்தில் நிற்கவோ எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இந்த வேலையில் வழக்கறிஞர் செய்ய வேண்டியதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. என் படிப்பு அதற்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பாடத்துக்காக நீதித்துறை நடுவர் நீதிமன்றம் ஒன்றில் நடவடிக்கைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். அங்கே வராந்தாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பிணை உத்தரவாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. உத்தரவு நகலை ஜவுளிக்கடைப் பைக்குள் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தார். கேட்டது இரண்டு ஜாமீன்தாரர். சொந்தக்காரர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டு வரி ரசீது அவர் பெயரில் இல்லை, காலமான அப்பா பெயரிலேயே இருந்தது. இன்னொருவர், “கோர்ட்டு கேஸுன்னா நம்மளையும் இழுத்துருவாங்க” என்று பயந்து ஒதுங்கிவிட்டார். “உத்தரவுதான் வந்தாச்சே, அப்புறம் ஏன் விடமாட்டேங்காவ?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முன் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விட்டேன். இலவச உதவிக்கு 15100 என்ற எண் இருப்பதும், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி உண்டு என்பதும் அதுவரை அவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவர்களுக்காகவே உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தெளிவான வழிமுறைகளைத் தந்திருக்கிறது. பிணை உத்தரவாகி ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தாங்கள் சட்டத் தன்னார்வலரையோ நன்னடத்தை அலுவலரையோ கொண்டு அவருடைய சமூக, பொருளாதார நிலை பற்றி அறிக்கை தயாரித்து நீதிமன்றத்தின் முன் வைக்கலாம்; நிபந்தனையைத் தளர்த்தவும் கோரலாம். அந்த அறிக்கைக்கான களவேலையில்தான் நான் உதவ முடியும். வீட்டுக்குப் போய், யார் சம்பாதிக்கிறார்கள், எந்த ஆவணம் யார் பெயரில் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் யார் பொறுப்பேற்பார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவது எங்களுக்கு இரண்டு ஆண்டாகச் சொல்லித் தரப்படும் வேலை. எடுத்த குறிப்பைச் சரிபார்க்காமல் தரமாட்டேன்.

காவல் நாட்களைக் கணக்கிட்டுப் பட்டியலிடவும் தெரியும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள வீட்டுத் திருட்டு வழக்கென்றால் அது 2 வருடம் 4 மாதம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. சின்னச் சின்னத் திருட்டில் மாட்டிக்கொள்ளும் ஏழைகள் பலர் இந்த இரண்டாவது தடையில்தான் நின்றுவிடுகிறார்கள். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று ஒவ்வொரு பெயராகப் பிரித்துத் தந்தால் குழு வழக்கறிஞருக்கு நேரம் மிஞ்சும்.

என் முதுகலை ஆய்வேடும் பிணைக்குப் பிந்தைய காவல் பற்றியதே. மையத்தில் பார்க்கும் எந்த வழக்கின் விவரமும் தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதில் இடம்பெறாது. பெயர், ஊர், வழக்கு எண் எதுவும் வெளியே போகாது என்று உறுதிமொழி எழுதித் தரவும் தயார்.

சிறைக்குள் இயங்கும் மையத்துக்கு அனுப்ப முடியாவிட்டாலும் சரி, முன் அலுவலகத்தில் வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதி உதவும் இடத்தில் உட்காரவும் சம்மதம். எனக்கு ஊதியம் தேவையில்லை. தமிழில் தட்டச்சு தெரியும். கிராமங்களுக்குப் பேருந்தில் போய் வர வீட்டில் ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.

துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், கைபேசி எண்ணுடன் கூடிய தன்விவரக் குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. தாங்கள் சொல்லும் வெள்ளியன்று நேரில் வந்து பார்க்கிறேன். வேறு நாள் என்றாலும் துறையில் அனுமதி பெற்று வந்துவிடுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. இசக்கியம்மாள்

இணைப்பு: பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், தன்விவரக் குறிப்பு