பவித்ராவின் அப்பாவுக்கு: இரண்டு கற்களும் ஏன் சேர்ந்து விழுகின்றன

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்புள்ள முனியாண்டி அண்ணனுக்கு,

வணக்கம். நேற்று பவித்ராவை அழைத்துப்போக வந்தபோது, "கனமான கல்லும் லேசான கல்லும் ஒன்னா விழும்னு சொல்லிக் கொடுத்தீங்களாமே டீச்சர், இருபது வருசமா குலை வெட்டுறேன், நான் பார்க்காததா?" என்று கேட்டீர்கள். மழை வலுத்துவிட்டது, மோட்டாரை நிறுத்தாமலே நின்றீர்கள். நின்று பேசும் விஷயமில்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது உண்மை. செம்பனை மட்டையை வெட்டினால் அது ஆடி அசைந்து இறங்குகிறது. குலையை வெட்டினால் 'தொம்' என்று விழுகிறது. ஆனால் அங்கே நடுவில் காற்று இருக்கிறது. ஓலை விரிந்து கிடப்பதால் மட்டை தன் கனத்துக்கு மிஞ்சிய காற்றை வாங்குகிறது. குலை உருண்டு திரண்டது, காற்று அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். 555 நோட்டில் இரண்டு தாள் கிழியுங்கள். ஒன்றை நன்றாகக் கசக்கி உருட்டி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். கசக்கியது நேராக விழும், மற்றது மிதந்து மிதந்து வரும். இரண்டும் ஒரே எடைதானே அண்ணா? அப்புறம் விரிந்த தாளை நோட்டின் மேல், விளிம்பு வெளியே நீட்டாமல் வைத்து விடுங்கள். நோட்டு கீழே காற்றை மறித்துக்கொள்ளும். தாளும் அதனோடு சேர்ந்தே வந்துவிடும்.

கல்லுக்கு இந்தக் காற்றுத் தொல்லை மிகக் குறைவு. போன வாரம் பிள்ளைகளோடு இரண்டு கற்களைக் கடைத் தராசில் நிறுத்தோம். ஒன்று 900 கிராம், இன்னொன்று 30 கிராம். முப்பது மடங்கு வித்தியாசம். டியூஷன் மாடிப்படியிலிருந்து, ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், கீழே விரித்த தகரத்தில் இரண்டையும் ஒன்றாக விட்டோம். 'டங்' என்று ஒரே சத்தம். பவித்ரா நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை கேட்டாள், ஐந்து முறையும் ஒரே சத்தம்தான். 1586-இல் நெதர்லாந்தில் வாழ்ந்த கணித அறிஞர் சைமன் ஸ்டெவினும் இதையேதான் செய்தார்: ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளைப் பலகை மேல் விழவிட்டு, சத்தத்தைக் கேட்டார்.

சரி, ஏன் அப்படி? தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குலை ஏற்றிய வண்டியை ஒருவர் தள்ளுகிறார். பக்கத்தில் எல்லாமே முப்பது மடங்கு கனமான வண்டி, அதைத் தள்ள முப்பது பேர். யார் முந்துவார்கள்? யாரும் இல்லை. ஆள் கூடியது, ஆனால் அசைக்க வேண்டிய பாரமும் அதே அளவு கூடிவிட்டது. பூமியும் இப்படித்தான். பெரிய கல்லை முப்பது மடங்கு பலமாக இழுக்கிறது என்பது உண்மை. கையில் பிடித்தால் நமக்கே தெரிகிறது. ஆனால் அந்தக் கல்லை அசைய வைப்பதும் முப்பது மடங்கு கஷ்டம். இரண்டும் சரிக்குச் சரியாகிப்போய், எந்தக் கல்லும் ஒவ்வொரு விநாடிக்கும் விநாடிக்கு 9.8 மீட்டர் என்ற ஒரே அளவில்தான் வேகம் கூட்டிக்கொள்கிறது. பள்ளிப் புத்தகத்தில் மலாயில் 'ஜாத்தோ பெபாஸ்', அதாவது தடையில்லாமல் விழுவது, என்று இருப்பது இதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது கலிலியோ கேட்ட கேள்வி. பெரிய கல்தான் வேகமாக விழும் என்று வைத்துக்கொள்வோம். அதோடு சின்னக் கல்லைக் கயிற்றால் கட்டினால்? சின்னது மெதுவானதால் பெரியதைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறைய வேண்டும். ஆனால் கட்டிய பிறகு இரண்டும் சேர்ந்து இன்னும் கனம். அப்போது வேகம் கூட வேண்டும். இரண்டும் எப்படி உண்மையாகும்? இதைச் சொன்னபோது வகுப்பே சற்று நேரம் பேசாமல் இருந்தது.

காற்றே இல்லாத நிலாவில் 1971-இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் வல்லூறு ஒன்றின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்த வீடியோவை அடுத்த வகுப்பில் போட்டுக் காட்டப்போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "பரீட்சைக்கு டீச்சர் சொன்னதை எழுது, உண்மை வேற" என்று நீங்கள் சொன்னதாகப் பவித்ரா சொன்னாள். அப்படிச் சொல்ல வேண்டாம் அண்ணா. அடுத்த வருசம் எஸ்பிஎம் பரீட்சையில் எழுதுவதும் தோட்டத்தில் நடப்பதும் அவளுக்கு ஒன்றாகவே இருக்கட்டும். உங்கள் மட்டையையும் குலையையும் வைத்தே இந்தப் பாடத்தை அவள் நன்றாகப் புரிந்துகொள்வாள்.

அந்த இரண்டு கற்களையும் அவள் பையில் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது, கீழே ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நீங்களே விட்டுப் பாருங்கள். சத்தத்தை அவள் கேட்கட்டும்.

அன்புடன்,
கமலா டீச்சர்