முன்னேற்ற அறிக்கை: 2022 ஜனவரி முதல் 2023 பெப்ரவரி வரை

கொழும்பு
10 மார்ச் 2023

கலாநிதிப் பட்ட ஆய்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆய்வுத் தலைப்பு: கொழும்புத் தமிழ் நாளிதழ்களின் மரண அறிவித்தல்களும் இடப்பெயர்வும் (1970–2010). பதிவு: 2020 ஜனவரி, பகுதிநேரம்.

இந்த அறிக்கை டிசம்பரில் வந்திருக்க வேண்டும். மூன்று மாதம் பிந்தியதற்கு வேலைப்பளு காரணம் அல்ல. எழுதினால் மூன்றாம் அத்தியாயம் நிற்காது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. செப்டெம்பரிலிருந்து ஜனவரி வரை மேற்பார்வையாளரின் மூன்று மின்னஞ்சல்களுக்கு "வேலை நடக்கிறது" என்று மட்டுமே பதில் போட்டேன். அது பொய் இல்லை, ஆனால் அவர் கேட்டது அதுவும் இல்லை. முதலில் அதற்காக வருந்துகிறேன்.

வெளிக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் விற்கப்படவில்லை. பாடசாலை, பழைய பத்திரிகைகள் இருக்கும் வாசிப்பறை, வீடு என்ற மூன்றுக்கும் நடுவில் நான் இழந்தது ஏறக்குறைய இரண்டரை மாதம். அந்த ஆண்டு அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்ததில் இன்னும் ஒரு மாதம் போனது. இவ்வளவுதான். மிச்சத் தாமதத்துக்கு என் ஆய்வு வடிவமே காரணம்.

ஆய்வு முன்மொழிவில் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். நம் மரண அறிவித்தல்களில் மாறாமல் வரும் வரி ஒன்று உண்டு: "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட…". ஓர் ஊர், இன்னோர் ஊர், ஒரு திகதி. ஆயிரக்கணக்கான வரிகளை இப்படிச் சேர்த்தால் நம் மக்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்ற வரைபடம் கிடைக்கும் என்று நம்பினேன். வீரகேசரி, தினகரன் இரண்டிலும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, ஜூலை மாதங்களை எடுப்பது என்று திட்டம். கடந்த டிசம்பர் வரை வீரகேசரியில் 1970 முதல் 1988 வரை முடித்து, 1,862 அறிவித்தல்களை எக்ஸெலில் பதிந்தேன்.

ஆகஸ்டில், எனக்குத் தெரிந்த ஒரு பட்டதாரி ஆசிரியையிடம் 100 அறிவித்தல்களைக் கொடுத்து, நான் எப்படிப் பதிந்தேன் என்று காட்டாமல் அவரையும் பதியச் சொன்னேன். 31 இடங்களில் எங்கள் பதிவுகள் ஒத்துப்போகவில்லை. தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை பிழையே இல்லை. இரண்டு வதிவிடம் போட்ட அறிவித்தல்கள், "முன்னர்" என்ற சொல்லோடு வந்தவை, வதிவிடம் ஒன்றாகவும் தகனக்கிரியை வேறோர் ஊரிலும் இருந்தவை. எதை "வதிவிடம்" என்று எடுப்பது என்பதற்கு என்னிடம் விதியே இல்லை. மனதுக்குப் பட்டபடி பதிந்திருக்கிறேன்.

அப்புறம் நேர்காணல்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் 11 குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஓர் அம்மா தன் தகப்பனாரின் அறிவித்தலை எடுத்துக் காட்டினார். பிறப்பிடம் புங்குடுதீவு என்று இருந்தது. பேச்சுவாக்கில், அவர் பிறந்தது கொழும்பில், ஊருக்குப் போனது பள்ளி விடுமுறைக்கு மட்டும் என்று சொன்னார். "அப்ப ஏன் புங்குடுதீவு என்று போட்டனீங்கள் அம்மா?" என்று கேட்டேன். "ஊர்ப் பேர் போடாமல் எப்பிடிப் பிள்ளை? ஆர் என்று சனத்துக்குத் தெரியவேணுமே" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் அட்டவணையைத் திறக்கவே மனம் வரவில்லை. நான் பிறந்த இடம் என்று பதிந்த நிரல், பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர். எத்தனை குடும்பங்களுக்கு என்பதை அறிவித்தலை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அந்த வரிகளைக் கூட்டி இடப்பெயர்வு வரைபடம் கீறுவது தவறு. மூன்றாம் அத்தியாயத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஆய்வைக் கைவிட நான் விரும்பவில்லை. ஒரு குடும்பம், துக்கத்தின் நடுவிலும், இடத்துக்குக் காசு கட்டி, இருக்கிற சில வரிகளுக்குள் எந்த ஊரைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பது நான் முதலில் கேட்டதை விட நல்ல கேள்வி என்று உண்மையாகவே நினைக்கிறேன். "அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின்" என்று தொடங்கும் உறவு வரிசையில், பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் லண்டன், கனடா என்று போடுவதும் இதற்குள் வரும். நான் இதுவரை அதைப் பதியவே இல்லை. புதிய கேள்வி: போர்க்காலத்தில் கொழும்பில் அச்சான மரண அறிவித்தல்கள் ஒருவரை எந்த ஊருக்கு உரியவராகச் சொல்கின்றன, அந்தச் சொல்முறை எப்போது மாறுகிறது?

இதற்காக 41 ஆண்டுகளை நான்காகக் குறைக்கிறேன்: 1976, 1984, 1996, 2003. 1976 என்பது 77 கலவரத்துக்கு முந்தியது. 1984, ஜூலை 83இன் மறு ஆண்டு. 1996, வலிகாமத்திலிருந்து 1995 ஒக்டோபரில் மக்கள் வெளியேறியதற்கு அடுத்தது. 2003, போர்நிறுத்த உடன்படிக்கையும் ஏ9 பாதைத் திறப்பும் நடந்த 2002க்குப் பின். ஒவ்வோர் ஆண்டிலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என்று 16 மாதங்கள். நான்கு ஏற்கெனவே கைவசம் உண்டு. அவற்றையும் புதிய விதிப்படி திரும்பப் பதிவேன். மிச்சம் 12. ஒரு மாத இதழ்களுக்கு மூன்று நாள் என்பது என் அனுபவக் கணக்கு. பாடசாலை விடுமுறைகளையும் எனக்குக் கிடைத்திருக்கும் இரண்டு மாதச் சம்பளமற்ற விடுப்பையும் சேர்த்தால் இந்த ஆண்டு செப்டெம்பருக்குள் முடியும்.

தினகரனை விடுகிறேன். 1973இல் லேக் ஹவுஸ் அரசின் கைக்குப் போன பின் வெளிவந்த ஒரு நாளிதழையும் தனியார் நாளிதழையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது இந்த ஆய்வின் பலமாக இருந்திருக்கும். அதை இழப்பது எனக்குக் கவலைதான். ஆனால் இரண்டையும் ஏற்றால் 2025இலும் இதே மாதிரி ஓர் அறிக்கையைத்தான் எழுதிக்கொண்டிருப்பேன். முஸ்லிம் குடும்பங்களின் ஜனாஸா அறிவித்தல்களும் இந்த ஆய்வுக்குள் வராது. அடக்கம் விரைவாக நடப்பதால் மறுநாள் பத்திரிகை அவற்றுக்கு உரிய இடமாக இருப்பதில்லை. எனவே தலைப்பில் "தமிழ் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நேர்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசி மூன்று நேர்காணல்களில், ஒழுக்கநெறிக் குழு அனுமதித்த வினாக்கொத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்டேன். மேலே சொன்ன உரையாடல் அவற்றில் ஒன்று. யாரும் வருத்தப்படவில்லை, ஆனால் அது சாட்டு இல்லை. திருத்திய வினாக்கொத்தை ஏப்ரலில் சமர்ப்பிக்கிறேன். அனுமதி கிடைத்து, அந்த மூன்று குடும்பங்களும் எழுத்தில் மறுபடி சம்மதிக்கும் வரை அந்தப் பதிவுகள் ஆய்வேட்டில் சேராது. புது நேர்காணலும் செய்யமாட்டேன். மொத்தம் 20 என்று சொன்னதை 16 ஆக்குகிறேன்.

பதிவு விதிகளை இப்போது எழுதி வைத்திருக்கிறேன், இரண்டரைப் பக்கம். ஒவ்வொரு மாதத்திலும் பத்தில் ஒரு பங்கை இரண்டாவது ஆள் பதிவார். இரண்டாம் அத்தியாயத்தின் திருத்திய வரைபு ஜூன் 30க்குள் வரும். புதிய மூன்றாம் அத்தியாயம் 2024 ஜனவரியில். முழு வரைபு 2025 மே மாதத்தில்.

என் பதிவுக்காலம் 2025 ஜனவரியில் முடிகிறது. 2025 செப்டெம்பர் வரை எட்டு மாத நீடிப்பைக் கோருகிறேன். தலைப்பு மாற்றத்துக்கும் உங்கள் அங்கீகாரம் தேவை. இனி ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, செய்ததையும் செய்யாததையும் ஒரு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்புவேன். முதல் பக்கத்தை இம்மாதம் 3ஆம் திகதி அனுப்பிவிட்டேன்.

ஒரு விடயத்தில் உங்கள் வழிகாட்டல் வேண்டும். பழைய முறையில் பதிந்த 1,862 அறிவித்தல்களில், 1976, 1984 தவிர்ந்தவற்றை என்ன செய்வது? பிழையான நிரலை நீக்கிவிட்டுப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாமா, அல்லது ஆய்வேட்டிலிருந்து முழுதாகவே எடுத்துவிட வேண்டுமா? அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வகையிலும் மாதிரிப் பக்கங்கள் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி, தமிழ்த்துறை