கேட்காத கேம் சேவைக்குப் பிடித்த பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்: பிரீபெய்ட் வாடிக்கையாளர், சென்னிமலை, ஈரோடு மாவட்டம்
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவை மையம்
நாள்: 15.9.2025

ஐயா,

என் பெயரில் வாங்கி, என் அம்மா பயன்படுத்தும் 47 என்று முடியும் எண்ணில், செப்டம்பர் 5, 12 தேதிகளில் தலா 35 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். கேம் சேவைக்கான வாரச் சந்தாவாம்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஐந்தாம் எண் தேய்ந்து அழிந்தே போயிற்று. தறிச் சத்தத்துக்கு நடுவே அழைப்பு வந்தால் பச்சைப் பொத்தானை அமுக்குவார். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அதில் இணையமே கிடையாது. அவர் எந்தக் கேமை விளையாடியிருப்பார்?

கட்டணச் சேவையைத் தொடங்க வாடிக்கையாளரின் இரட்டை ஒப்புதல் வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் பிறப்பித்த உத்தரவு. அம்மா எந்த ஒப்புதலும் தரவில்லை. தந்தார் என்றால் அதன் பதிவை, நேரத்துடன் எனக்கு அனுப்புங்கள்.

155223 மூலம் சேவையை நேற்றே நிறுத்திவிட்டேன். பிடித்த 70 ரூபாயைத் திருப்பி வரவு வையுங்கள். தொகை சிறிதுதான்; ஆனால் அது போர்வை நெய்து சேர்த்த காசு. இந்தப் புகாருக்கான பதிவு எண்ணையும் அனுப்பவும். உரிய பதில் இல்லையென்றால் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்