உங்கள் மெயிலைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்

அக்கா,

ஆபீஸில் எல்லோருக்கும் அனுப்ப நீங்கள் எழுதிய விடைபெறும் மெயிலைப் படித்தேன். நீங்களே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்ததால் முதல் தடவை பிழை எதுவும் கண்ணில் படவில்லை. அப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.

கணக்குப் பிரிவுக்காரர் மெயிலில் கணக்கே இடிக்கிறது! 2003 ஜூனில் சேர்ந்ததாக எழுதிவிட்டு, தலைப்பில் 23 ஆண்டுகள் என்கிறீர்கள். 2025 நவம்பருக்கு 22தான் முடிந்திருக்கிறது. 28ஆம் தேதியும் வியாழன் இல்லை, வெள்ளி.

‘பொருப்பு’ என்றால் மலை. நீங்கள் சுமந்தது மலைதான், ஆனாலும் இங்கே ‘பொறுப்பு’. ‘நினைவு கூறுகிறேன்’ என்பது ‘நினைவுகூர்கிறேன்’ என்று வரவேண்டும். ‘பணிப்புரிந்த’ என்பதில் ப் வேண்டாம். ‘எனக்கு கற்றுக்கொடுத்த’ என்பதில் க் வேண்டும்.

மூன்றாவது பத்தியை அப்படியே எடுத்துவிட்டேன். பதவி உயர்வில் உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இந்த மெயில் போன வாரம் சேர்ந்த பையனுக்கும் போகிறது. அவன் என்ன செய்வான்? அதை நாம் போனில் திட்டிக்கொள்ளலாம். ஆறு பேரின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னதையும் மாற்றினேன், ஏழாவது ஆள் முகம் வாடக்கூடாது என்று.

அனுப்பும்போது உங்கள் சொந்த முகவரியை மட்டும் CC-யில் போட்டு, மற்ற எல்லோரையும் BCC-யில் போடுங்கள். இல்லாவிட்டால் ஆளாளுக்கு Reply All அடிப்பார்கள். கீழே இருப்பதை அப்படியே ஒட்டினால் போதும்.

தலைப்பு: விடைபெறுகிறேன் – 22 ஆண்டுகளுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை, நவம்பர் 28, இங்கே எனக்குக் கடைசி நாள்.

2003 ஜூனில் ரசீதுகளை அடுக்கிவைக்கும் உதவியாளராகச் சேர்ந்தேன். பேரேட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்த எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, மவுஸைத் தொடவே பயந்தேன். பொறுமையாக எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில் பொருந்தாத ஒரே ஒரு தொகையைத் தேடிக் கூடவே விழித்திருந்தவர்களையும் நன்றியோடு நினைவுகூர்கிறேன். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே பணிபுரிந்த காலத்தில், வேலை அவசரத்தில் யாரிடமாவது கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பணம் கேட்டவர்களிடம் பேசியது மட்டும் இதில் சேராது.

என் பொறுப்பில் இருந்த கோப்புகள் அனைத்தையும் பிரிவில் ஒப்படைத்துவிட்டேன். வெள்ளிக்குப் பிறகு இந்த முகவரி இயங்காது. CC-யில் இருப்பது என் சொந்த முகவரி. வேலை விஷயமாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
வசந்தா
கணக்குப் பிரிவு