பெரியம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் விடுப்பும் வகுப்பு மாற்று ஏற்பாடும் – விண்ணப்பம்

05.02.2026

அனுப்புநர்
ச. மலர்விழி,
கணித ஆசிரியை மற்றும் 9-ஆ வகுப்பாசிரியை,
உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்
தலைமை ஆசிரியர் அவர்கள்,
உயர்நிலைப் பள்ளி.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பெரியம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை – 10.02.2026 முதல் 17.02.2026 வரை ஈட்டிய விடுப்பு கோருதல் – வகுப்புகளுக்கான மாற்று ஏற்பாடு தெரிவித்தல் – சார்பாக.

என் பெரியம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வரும் புதன்கிழமை, 11.02.2026 அன்று காலை நடக்கவிருக்கிறது. முந்தைய நாளே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருடன் இருக்க வேண்டி, 10.02.2026 செவ்வாய் முதல் 17.02.2026 செவ்வாய் வரை, இடையில் வரும் சனி ஞாயிறையும் சேர்த்து 8 நாள் ஈட்டிய விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 18.02.2026 புதன்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்துக்கே பணிக்கு வந்துவிடுவேன்.

போன மாதம் 21ஆம் தேதிக்கு இதே அறுவை சிகிச்சை குறித்திருந்ததும், அப்போது நான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றதும் தங்களுக்கு நினைவிருக்கும். சேர்க்கைக்கு முன் எடுத்த பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று தெரிந்தது. உடம்பில் எங்கே தொற்று இருந்தாலும் அது புதிதாக வைக்கும் மூட்டில் போய்த் தங்கிவிடக்கூடும் என்று மருத்துவர் தள்ளிவைத்தார். மருந்து முடிந்து, மறுபரிசோதனையில் தொற்று இல்லை என்று இந்தத் திங்கள்கிழமை அறிக்கை வந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் இந்த முறை எழுத்துமூலம் கேட்கிறேன்.

பெரியம்மா என்றால் நெருங்கிய குடும்ப உறுப்பினர் கணக்கில் வருமா என்ற கேள்வி எழலாம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எட்டாம் வகுப்பிலிருந்து நான் அவர் வீட்டில் இருந்துதான் படித்தேன். இப்போது என் வீட்டில் இருக்கிறார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது நான்தான். பெண்கள் வார்டில் இரவில் பெண் துணை மட்டுமே இருக்கலாம் என்பதால் என் கணவரைப் போட்டு ஈடுகட்டவும் வழியில்லை. பகலில் சிறிது நேரம் அவர் மாற்றிவிட்டால்தான் நான் குளித்து வரவே முடியும்.

எட்டு நாள் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் 15ஆம் தேதி ஞாயிறு வாக்கில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள்தான் சிக்கல். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை எட்டடி, அதில் ஒரு வாசற்படி. அந்தப் படியை வாக்கரோடு தாண்டப் பழகும் வரை பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். என் சித்தி மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். 17ஆம் தேதி இரவு வந்து இரண்டு வாரம் இருப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் விட்டுவிட்டு மறுநாள் நான் பள்ளிக்கு வருவேன். விடுப்பை நீட்டிக்கக் கேட்க மாட்டேன் என்ற நம்பிக்கையோடுதான் இந்தத் தேதிகளைப் போட்டிருக்கிறேன்.

இனி வகுப்புகள். பத்தாம் வகுப்புத் திருப்புதல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் விடுப்புக் கேட்பது எனக்கே உறுத்தலாக இருக்கிறது. அதனால் ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். விடுப்பில் வரும் 6 வேலை நாட்களில் எனக்கு மொத்தம் 22 பாடவேளைகள்: 10-அ 9, 9-ஆ 7, 8-அ 6. இவற்றில் 20க்கு ஆள் கிடைத்துவிட்டது. இரண்டுக்குத் தங்கள் உதவி வேண்டும்.

10-அ வகுப்பின் ஒன்பதில் ஐந்தை 10-ஆ கணித ஆசிரியர் தம் ஓய்வுப் பாடவேளைகளில் எடுக்கிறார். இருவரும் ஒரே வரிசையில் திருப்புதல் செய்து வருவதால் அவர் நுழைந்ததும் தொடங்கலாம். பாடம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியதில்லை. இந்த ஐந்தில் இரண்டு, 12.02.2026 வியாழன் 3, 4ஆம் பாடவேளைகளில் நடக்கும் முக்கோணவியல் அலகுத் தேர்வு. வினாத்தாள் அச்சிட்டு, மாணவர் எண்ணிக்கைக்கு மேல் 3 படிகள் சேர்த்து, உறையில் ஒட்டி 9ஆம் தேதி மாலை அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். விடைத்தாள்களை அவர் வாங்கி வைத்தால் போதும், திருத்துவது நான்தான். உயரங்களும் தொலைவுகளும் கணக்குகளில் இந்த வகுப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது. இறக்கக் கோணத்தைக் கண் மட்டத்துக் கிடைக்கோட்டிலிருந்து குறிக்காமல், கோபுரத்தின் செங்குத்துக் கோட்டோடு சேர்த்துக் குறிக்கிறார்கள். 30° அங்கே போய் உட்கார்ந்ததும் விகிதம் தலைகீழாகிவிடுகிறது. படம் தப்பு, கீழே வரும் கணக்கு வழி எல்லாம் சரி. அந்த விடைத்தாளைப் பிறர் திருத்தினால் ஒரே கோட்டில் அடித்துவிடக்கூடும். யார் படத்தில் தவறினார், யார் கணக்கில் தவறினார் என்று பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த வாரம் யாரை எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியும். ஆகவே திருத்தலை மட்டும் எனக்கே விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன். 23ஆம் தேதி திங்களன்று மதிப்பெண்கள் தங்கள் மேசையில் இருக்கும்.

மீதி நான்கு பாடவேளைகளை அறிவியல் ஆசிரியை தம் பாடத்துக்கே எடுத்துக்கொள்கிறார். அவர் செய்முறைப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், இருவருக்கும் ஒத்துப்போனது. நான் திரும்பியதும் அவருடைய நான்கு பாடவேளைகளில் கணக்கு எடுத்துக்கொள்வேன். மாணவர்களுக்கு எந்தப் பாடத்திலும் மணி குறையாது. மாலை நேரக் கூடுதல் வகுப்பை மட்டும் இந்த நாட்களில் நிறுத்திவைக்கிறேன். ஏற்கெனவே உதவுகிறவர்களை மாலையிலும் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8-அ வகுப்பின் ஆறையும் ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியை எடுக்கிறார். நாற்கரம் வரைதல் நடக்கிறது. வரைய வேண்டிய 12 கணக்குகளைத் தாளில் எழுதி, நாளுக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வகுப்பில் பாதிப் பேரிடம் கவராயம் இருக்காது. இருந்தால் அதில் பென்சில் நிற்காது. வட்டவில் போடும்போது பென்சில் நழுவி, வெட்டுப்புள்ளி அரை சென்டிமீட்டர் தள்ளிப்போய், "கணக்கே தப்பு மிஸ்" என்று எழுந்து நிற்பார்கள். கணித பீரோவின் கீழ்த்தட்டில் நல்ல கவராயம் 14 இருக்கின்றன. சாவியை அவரிடம் தருகிறேன். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

9-ஆ வகுப்பின் ஏழில் மூன்றைத் தமிழாசிரியரும் இரண்டை ஆங்கில ஆசிரியையும் தத்தம் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இதுவும் கைமாற்றுதான், திருப்பிக் கொடுத்துவிடுவேன். எஞ்சிய இரண்டுதான் நான் தங்களிடம் கொண்டுவருவது: 12ஆம் தேதி வியாழனும் 16ஆம் தேதி திங்களும் கடைசிப் பாடவேளை. அந்த நேரத்தில் ஓய்வில் இருக்கும் ஆசிரியர் எவரும் இல்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டேன்; இரண்டு நாளும் மைதானத்தில் வேறு வகுப்பு இருக்கிறது என்றார். நூலகத்தில் உட்கார வைக்கத் தாங்கள் அனுமதித்தால் நூலகப் பொறுப்பாளர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இருவர் இருவராகச் சேர்ந்து செய்ய எண் புதிர்த் தாள்கள் தயாராக உள்ளன. வேறு வகுப்போடு சேர்த்து உட்கார வைப்பதைவிட இது மேல் என்பது என் எண்ணம். 9-ஆவை இன்னொரு வகுப்போடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது தாங்கள் அறியாததல்ல. முடிவு தங்களுடையது.

வகுப்பாசிரியைப் பொறுப்பைத் தமிழாசிரியர் ஏற்கிறார். வருகைப் பதிவேட்டில் 9ஆம் தேதி வரை மொத்தம் கூட்டி முடித்துக் கொடுக்கிறேன். வகுப்பில் ஒரு மாணவிக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்து உறிஞ்சி அவள் பையின் முன்பக்க உறையில் இருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. தமிழாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் நேரில் சொல்லிவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து வராத மாணவன் ஒருவனின் வீட்டுக்கு நேற்றே பேசிவிட்டேன், திங்கள் வருவான் என்றார்கள். வராவிட்டால் மறுபடி பேச வேண்டும்.

பாடக்குறிப்பேடு 17ஆம் தேதி வரைக்கும் எழுதித் தங்கள் கையொப்பத்துக்கு வைத்திருக்கிறேன். இரண்டாம் இடைத்தேர்வு மதிப்பெண் பதிவை 9ஆம் தேதிக்குள் முடித்துவிடுவேன்.

11ஆம் தேதி காலை 8 மணியிலிருந்து பிற்பகல் வரை அழைப்பை எடுக்க இயலாமல் போகலாம். அறுவை அரங்கின் வாசலில் இருப்பேன். குறுஞ்செய்தி அனுப்பினால் பார்த்துவிடுவேன். மற்ற நாட்களில் பிற்பகல் 1 முதல் 2 வரை என் கணவர் வார்டில் இருப்பார். அந்த நேரத்தில் எதுவானாலும் அழைக்கலாம் என்று உதவும் ஆசிரியர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

கடைசி நேரத்தில் மறுபடியும் தள்ளிப்போனால், அன்று மாலைக்குள் தங்களுக்குத் தெரிவித்து, அடுத்த வேலை நாளே பணிக்குத் திரும்பி, மீதி விடுப்பை ரத்து செய்ய எழுதிக் கொடுப்பேன். அப்படியானால் வியாழன் தேர்வை நானே நடத்துவேன்.

விடுப்பை அனுமதித்து, அந்த இரண்டு பாடவேளைகள் குறித்த தங்கள் முடிவை 9ஆம் தேதி திங்களுக்குள் தெரிவித்தால், மாற்றுப் பணிப் பதிவேட்டில் எழுதி ஒப்படைத்துவிட்டுச் செல்வேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
ச. மலர்விழி

இணைப்பு:
1. மருத்துவமனைச் சேர்க்கைக் கடித நகல்
2. மாற்றுப் பாடவேளைப் பட்டியல், ஒப்புக்கொண்ட ஐந்து ஆசிரியர்களின் கையொப்பத்துடன்