குடியிருப்போர் சங்க வரவு செலவுத் திட்டம் (பட்ஜெட்) 2025-26

தமிழ்ச் சொல்லுக்கும் அதனருகே தரப்படும் ஆங்கிலச் சொல்லுக்கும் இவ்வறிக்கை முழுவதிலும் ஒரே பொருளே கொள்ளப்படும்.

48 வீடுகளிலிருந்து மாதம் 3,000 ரூபாய் வீதம் கிடைக்கும் வருவாய் வரவு, அதாவது ரெவின்யூ ரிசீட்ஸ், 17,28,000 ரூபாய். கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டாததால் ஜிஎஸ்டி இல்லை. காவலர் ஊதியம் மட்டுமே 8,64,000 ரூபாயாக உள்ள வருவாய்ச் செலவு, அதாவது ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர், 18,06,000 ரூபாய் என்பதால், வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது ரெவின்யூ டெஃபிசிட், 78,000 ரூபாய்.

ஏப்ரல் முதல் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் உயர்த்தினால் 86,400 ரூபாய் கூடுதலாகக் கிடைத்து இப்பற்றாக்குறை நீங்கும்.

லிஃப்டின் இழுவைக் கம்பிகளை மாற்றுவதற்கான 2,40,000 ரூபாய் மூலதனச் செலவு, அதாவது கேப்பிட்டல் எக்ஸ்பெண்டிச்சர், என்பதால், அது மாதக் கட்டணத்தில் சேராமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது கார்பஸ் ஃபண்டிலிருந்து, வழங்கப்படும்.